படிக்க ஓடும், பொருள் நிற்காது: சொல்மாற்றுக் கருவியில் போட்டெடுத்த கட்டுரையைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

ஆங்கிலத்தில் எழுதிய ஒரு மாணவர் கட்டுரையில் "புஸம் பெரில்" என்று வருகிறது. அடுத்த வரியிலேயே "இர்ரெகுலர் டிம்பர்லேண்ட்". வாக்கியங்களில் இலக்கணப் பிழை இல்லை, எழுவாயும் பயனிலையும் ஒழுங்காக இருக்கின்றன, "மேலும்", "ஆகவே" எல்லாம் வரவேண்டிய இடத்தில் வருகின்றன. ஆனால் பத்தியைப் படித்து முடித்துவிட்டு என்ன சொன்னார்கள் என்று யோசித்தால் ஒன்றும் தேறாது. அந்த முதல் சொற்றொடர் பிரெஸ்ட் கேன்சராக, அதாவது மார்பகப் புற்றுநோயாக இருந்தது. இரண்டாவது ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற கணிப்பு முறையாக இருந்தது. நடுவில் ஒரு கருவி புகுந்து, ஒவ்வொரு சொல்லையும் எடுத்துவிட்டு அதன் இணைச்சொல்லை வைத்திருக்கிறது.

இது புதிய தந்திரம் இல்லை. 2014 வாக்கிலேயே லண்டன் மிடில்செக்ஸ் பல்கலைக்கழக ஆசிரியர் கிறிஸ் சாட்லர், தன் மாணவர்களின் கட்டுரைகளில் இதைக் கவனித்துச் சொன்னார். பின்தங்கிப்போவதைக் குறிக்கும் "லெஃப்ட் பிஹைண்ட்" என்ற சாதாரணத் தொடர் ஒரு கட்டுரையில் "சினிஸ்டர் பட்டக்ஸ்" ஆகியிருந்தது. 2021-இல் கியோம் கபனாக், சிரில் லபே, அலெக்ஸாண்டர் மகசினோவ் மூவரும் இதே வகைத் தொடர்கள் அச்சான ஆய்விதழ்களுக்குள்ளும் நுழைந்துவிட்டதைக் காட்டி, அவற்றுக்கு "டார்ச்சர்டு ஃபிரேசஸ்" என்று பெயர் வைத்தார்கள். சித்திரவதை செய்யப்பட்ட சொற்றொடர்கள். பொருத்தமான பெயர்தான், அந்தச் சொற்கள் நிஜமாகவே பாவம்.

மாணவர்கள் ஏன் இதைச் செய்கிறார்கள் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. இந்தியாவில் யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைப்படி ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை, அதற்கு மேல் போனால் 40, 60 என்று படிப்படியாக நடவடிக்கை கடுமையாகும். ஆய்வேட்டுக்கு என்று வந்த இந்த அளவுகோலைப் பல இடங்களில் சாதாரண புராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கும் அப்படியே பிடித்துக்கொள்கிறார்கள். ஒப்புமை பார்க்கும் மென்பொருள் பெரும்பாலும் தொடர்ச்சியாக வரும் சொற்கூட்டங்களைத்தான் ஒப்பிடுகிறது, ஆகவே இரண்டு மூன்று சொல்லுக்கு ஒன்றை மாற்றிவிட்டாலே சதவீதம் மளமளவென்று இறங்கிவிடும். அதனால் "ரிப்போர்ட்டில் 6 சதவீதம்தான்" என்ற காகிதத்தைப் பார்த்துக் கட்டுரையைச் சரி என்று முடிவு கட்டாதீர்கள். அந்த எண் சொல்வது ஒன்றே ஒன்று: அதே சொற்கள் அதே வரிசையில் வேறெங்கும் அதிகம் கிடைக்கவில்லை. கட்டுரை யாருடையது என்பதற்கு அதில் பதில் கிடையாது.

முதலில்: கருவி என்ன செய்கிறது, எதைத் தொடுவதில்லை

பழைய வகைச் சொல்மாற்றுக் கருவிக்கு வாக்கியத்தின் பொருள் தெரியாது. சொல்லைப் பார்க்கும், பட்டியலில் அதற்கு இணையாக உள்ள இன்னொன்றை எடுக்கும், அதே வேற்றுமையில், அதே காலத்தில் வைத்துவிடும். இலக்கணச் சட்டகத்தை அது கலைப்பதில்லை. வாசிப்பு தடங்காமல் ஓடுவதற்கு அதுதான் காரணம், மூல ஆசிரியர் கட்டிய சட்டகம் அப்படியே நிற்கிறது. உள்ளே இருந்த சரக்கு மட்டும் மாறிவிட்டது.

இரண்டு இடங்களில் இது கண்டிப்பாக இடறும். ஒன்று, பல பொருள் உள்ள சொல். ஆங்கிலத்தில் நோயாளிக்கும் பொறுமையான என்பதற்கும் "பேஷண்ட்" ஒரே சொல், ஆகவே நோயாளி இருந்த இடத்தில் "அமைதியான" என்ற பொருள்படும் சொல் வந்து உட்காரும். இரண்டாவது, சேர்ந்தே வாழும் கலைச்சொல். "கிட்னி ஃபெயிலியர்" என்பதில் ஃபெயிலியரைத் தனியாகப் பிரித்தால் தோல்வி, ஏமாற்றம் என்று கிளைக்கும். அப்படித்தான் "கிட்னி டிஸ்அப்பாயின்ட்மென்ட்" வந்தது. சிறுநீரகத்தின் ஏமாற்றம்! "லாக்டோஸ் இன்டாலரன்ஸ்" இப்படியே "லாக்டோஸ் பிகட்ரி" ஆனது. பால் ஒத்துக்கொள்ளாத வயிறு, பாலின் மீது வெறுப்புணர்வு கொண்டதாகிவிட்டது.

கருவி பெரும்பாலும் தொடாதவை: எண்கள், அலகுகள், ஆண்டுகள், சுருக்கப் பெயர்கள், சூத்திரங்கள், அட்டவணைகள், துணைநூல் பட்டியல். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கண்டுபிடிப்பதில் பாதி வேலை இதை வைத்துத்தான் நடக்கப்போகிறது.

அடுத்து: ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓரத்தில் ஒரு வரி

சந்தேகம் வந்த பத்தியை மட்டும் எடுங்கள், முழுக் கட்டுரையையும் வேண்டாம். ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் "யார், எதை, என்ன செய்தார், எவ்வளவு" என்பதைச் சின்னதாகத் தமிழில் எழுதிப் பாருங்கள். ஆங்கிலக் கட்டுரைக்குத் தமிழில் எழுதுவது முக்கியம். அதே மொழியில் எழுதினால் கட்டுரையின் சொற்களையே நீங்களும் திரும்ப எழுதிவிட்டு, புரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வீர்கள். இன்னொரு மொழிக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் பொருள் இருந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் பென்சில் நின்றுவிடும்.

சுமாரான மாணவரின் சொந்தக் கட்டுரையில் பென்சில் அடிக்கடி தடுமாறும், ஆனால் ஏதோ ஒன்று எழுதிவிடலாம். சொல்மாற்றிய பத்தியில் ஒரு விசித்திரம் நடக்கும்: சின்ன வாக்கியங்கள், பொது வாக்கியங்கள் எல்லாம் சுலபமாக வரும், கலைச்சொல் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் குறி வைத்ததுபோல் நின்றுவிடும். அந்த இடங்களைச் சுற்றி வட்டம் போடுங்கள்.

வட்டம் போட்ட இடங்களை அவிழ்ப்பது: ஒரு பத்தியை முழுக்கப் பார்ப்போம்

இதற்கு ஒரு மாதிரிப் பத்தியை நானே அமைத்துக்கொள்கிறேன், ஆனால் அடிப்படைத் தகவல் உண்மையானது. இயந்திரக் கற்றல் படிக்கும் பிள்ளைகள் அதிகம் எடுக்கும் தரவுகளில் ஒன்று விஸ்கான்சின் மார்பகப் புற்றுநோய்த் தரவு. அதில் 569 மாதிரிகள், ஒவ்வொன்றுக்கும் 30 அளவீடுகள். 357 பினைன், அதாவது தீங்கற்ற கட்டிகள். 212 மாலிக்னன்ட், புற்றுநோய்க் கட்டிகள்.

மாணவரின் பத்தி கிட்டத்தட்ட இதைச் சொல்கிறது என்று வையுங்கள்: "புஸம் பெரிலை அடையாளம் காண 569 மாதிரிகள் பயன்பட்டன, அவற்றில் 357 கைண்ட்ஹார்ட்டட், 212 திரெட்டனிங். ஒவ்வொன்றுக்கும் 30 ஹைலைட்ஸ். ப்ரிபேரிங் தொகுப்பில் இர்ரெகுலர் டிம்பர்லேண்ட் (ஆர்.எஃப்.) முறை இயக்கப்பட்டது. 114 மாதிரிகளில் சோதித்தபோது 96.5 சதவீத ப்ரிசிஷன் கிடைத்தது, 3 போகஸ் நெகட்டிவ்கள் இருந்தன."

இப்போது ஓரக் குறிப்பு எழுதிப் பாருங்கள். 357 கட்டிகள் "அன்புள்ளம் கொண்டவை". யாருக்கு அன்பு? பென்சில் நிற்கிறது, வட்டம் போடுகிறோம். "30 சிறப்பம்சங்கள்" என்பதை எப்படியோ தள்ளிவிடலாம். "ஒழுங்கற்ற மரக்காடு" என்ற முறையை இயக்கினார்கள் என்பது ஒன்றுமே இல்லை.

இங்கே சுருக்கப் பெயரைப் பாருங்கள். இர்ரெகுலர் டிம்பர்லேண்டுக்கு முதலெழுத்து ஐ.டி. என்றுதானே வரவேண்டும், அடைப்புக்குறிக்குள் ஆர்.எஃப். எப்படி வந்தது? கருவி விரிவை மாற்றியது, சுருக்கத்தைத் தொடவில்லை. நான் கட்டுரையைக் கையில் எடுத்ததும் தேடுவது இந்தப் பொருந்தாமையைத்தான், ஏனென்றால் இதற்கு வேறு விளக்கம் சொல்வது கஷ்டம். "போல்ஸ்டர் வெக்டர் மெஷின்" என்று எழுதிவிட்டு எஸ்.வி.எம். என்று சுருக்கினால் அங்கே சப்போர்ட் இருந்தது என்று அந்த எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும்.

அவிழ்க்கும் வழி இதுதான். வட்டம் போட்ட சொல்லின் இணைச்சொற்களை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள், அந்தத் துறையில் எந்த இரண்டு சேர்ந்து நிற்குமோ அதை எடுங்கள். இர்ரெகுலர் என்றால் அன்ஈவன், அப்நார்மல், ரேண்டம். டிம்பர்லேண்ட் என்றால் உட்ஸ், ஜங்கிள், ஃபாரஸ்ட். ரேண்டம் ஃபாரஸ்ட் தானாக ஒட்டிக்கொள்ளும். கைண்ட்ஹார்ட்டட் பினைன் ஆகும், திரெட்டனிங் மாலிக்னன்ட் ஆகும், ஹைலைட்ஸ் ஃபீச்சர்ஸ் ஆகும், ப்ரிபேரிங் ட்ரெயினிங் ஆகும், போகஸ் நெகட்டிவ் ஃபால்ஸ் நெகட்டிவ் ஆகும். ஒன்றிரண்டு அவிழ்ந்தால் தற்செயல் என்று விடலாம். ஒரே பத்தியில் ஏழெட்டுச் சொற்கள், அத்தனையும் ஒரே மாதிரி அகராதி வழியில் அவிழ்ந்தால் தற்செயலுக்கு இடமில்லை.

கண்ணுக்குத் தெரியாத மாற்றம்: இதுதான் ஆபத்தானது

மேலே உள்ள பத்தியில் நான் வட்டம் போடாத ஒரு சொல் இருக்கிறது. "96.5 சதவீத ப்ரிசிஷன்." கேட்க முற்றிலும் சரி. ப்ரிசிஷன் நிஜமான கலைச்சொல்தான், ரேண்டம் ஃபாரஸ்டோடு தினமும் புழங்குவதுதான். அதனால் கண் அதைத் தாண்டிப் போய்விடும். ஆனால் மூலத்தில் இருந்தது அக்யுரசி. அன்றாட ஆங்கிலத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று, இந்தத் துறையில் இரண்டும் வேறு வேறு அளவுகள். மொத்த மாதிரிகளில் எத்தனை சரியாக வந்தன என்பது அக்யுரசி, புற்றுநோய் என்று முறை சொன்னவற்றில் எத்தனை நிஜமாகவே புற்றுநோய் என்பது ப்ரிசிஷன்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் பிடிபடும். சோதனைக்கு எடுத்த 114-இல் 42 புற்றுநோய், 72 தீங்கற்றது என்று அட்டவணை சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். 42-இல் 39-ஐ முறை சரியாகக் கண்டுபிடித்தது, 3 தப்பிவிட்டன, ஃபால்ஸ் நெகட்டிவ் என்பது இவைதான். தீங்கற்ற 72-இல் ஒன்றைத் தவறாகப் புற்றுநோய் என்றது.

```
accuracy  = (39 + 71) / 114 = 96.5 %
precision = 39 / (39 + 1)   = 97.5 %
```

கட்டுரை சொன்ன பெயர் ப்ரிசிஷன், கொடுத்த எண் அக்யுரசியுடையது. எண்ணைக் கருவி தொடவில்லை, பெயரை மட்டும் மாற்றிவிட்டது. இது வெறும் நடைக் குறை இல்லை, தவறான தகவல். இந்தக் கட்டுரையை இன்னொருவர் மேற்கோள் காட்டினால் அந்தத் தவறும் கூடவே போகும். "புஸம் பெரில்" எவருக்கும் தீங்கு செய்யாது, படித்தவுடன் சிரித்துவிட்டுத் தள்ளிவிடலாம். சரியாகத் தோற்றமளிக்கும் தவறான கலைச்சொல் அப்படி இல்லை. அதனால் அட்டவணையில் எண் இருந்தால் ஒன்றிரண்டையாவது கையால் போட்டுப் பாருங்கள். மற்ற துறைகளிலும் இப்படி ஜோடிகள் உண்டு: இயற்பியலில் ஸ்பீடும் வெலாசிட்டியும், மாஸும் வெயிட்டும், பொருளாதாரத்தில் இன்கமும் ரெவின்யூவும். பொதுப் பேச்சில் ஒன்றாகி, துறைக்குள் வேறாகும் ஜோடிகள்தான் கருவி சத்தமில்லாமல் குழப்பும் இடங்கள்.

வேறு மூன்று தடயங்கள்

ஒரே பொருளுக்கு வரிக்கு வரி பெயர் மாறுவது ஒன்று. அறிவியல் கட்டுரையில் ஒரு பொருளை ஒரு பெயரால் அழைத்தால் கடைசிவரை அதே பெயர்தான். முதல் வரியில் டேட்டாசெட், அடுத்ததில் இன்ஃபர்மேஷன் அசெம்பிளேஜ், அதற்கடுத்து ரெக்கார்ட்ஸ் என்று போனால் மூன்று வெவ்வேறு பொருள்களைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றுதான் வாசகர் நினைப்பார்.

தலைப்பும் உள்ளடக்கமும் வேறு மொழி பேசுவது இன்னொன்று. தலைப்பை மாணவரே தட்டியிருப்பார், அதனால் அதில் டீப் லேர்னிங் என்று சரியாக இருக்கும், உள்ளே போனால் நான்கு பக்கத்துக்கு "ப்ரொஃபவுண்ட் லேர்னிங்". துணைநூல் பட்டியலிலும் டீப் லேர்னிங்தான், ஏனென்றால் அது அப்படியே ஒட்டியது. நடுவில் மட்டும் பெயர் மாறிய கட்டுரையைப் பார்த்தால் எங்கே கருவி ஓடியது என்று கோடு போட்டே காட்டிவிடலாம்.

மூன்றாவது, மேற்கோள் குறிக்குள் இருக்கும் சொல். கருவி மேற்கோள் குறியை மதிப்பதில்லை. மக்களால், மக்களுக்காக என்ற லிங்கனின் வரியில் "பீப்பிள்" இருந்த இடத்தில் "இன்டிவிஜுவல்ஸ்" நின்றால் வேறு எதுவும் பார்க்கத் தேவையில்லை. வரலாறு, அரசியல், இலக்கியக் கட்டுரைகளில் கலைச்சொல் குறைவு என்பதால் அங்கே முதலில் மேற்கோள்களைத்தான் சரிபார்க்க வேண்டும்.

மூலத்தைத் தேடுவது

கட்டுரையில் உள்ள சொற்களை அப்படியே தேடினால் ஒன்றும் கிடைக்காது, கருவியின் நோக்கமே அதுதான். அவிழ்த்த சொற்களையும் மாறாத எண்களையும் சேர்த்துத் தேடுங்கள்.

```
"random forest" "357 benign" "212 malignant"
```

பிரபலமான தரவு என்றால் இதற்கே நூற்றுக்கணக்கில் வரும். அப்போது கட்டுரைக்கே உரிய எண்ணைச் சேர்க்க வேண்டும்: அந்த 96.5, அந்த 3. வாக்கியங்களின் வரிசையும் உதவும். மூலத்தில் முதலில் தரவு, அப்புறம் முறை, அப்புறம் குறை என்று வந்தால் நகலிலும் அதே வரிசைதான், வாக்கியத்துக்கு வாக்கியம். மூலம் கிடைத்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே எண், ஒரே வரிசை, மாறிய சொல் என்று மூன்று நிறத்தில் கோடிடுங்கள். அந்தத் தாள் எந்த மென்பொருள் சதவீதத்தையும்விடத் தெளிவாகப் பேசும்.

ஆய்விதழ்க் கட்டுரை என்றால் கபனாக்கின் குழு நடத்தும் Problematic Paper Screener என்ற தளம் இருக்கிறது, தெரிந்த விபரீதத் தொடர்களைப் பட்டியலிட்டு வெளியான கட்டுரைகளில் அவற்றைத் தேடுகிறது. மாணவர் கட்டுரை அதில் இருக்காது, ஆனால் அங்கே காட்டும் தொடர்களைக் கொஞ்ச நேரம் படித்தால் கண் பழகிவிடும்.

தமிழ்க் கட்டுரை என்றால்

தமிழில் நேரடியாகச் சொல்லை மாற்றுவது கருவிக்குச் சிரமம், விகுதியும் சந்தியும் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஆங்கிலத்துக்கு மாற்றித் திரும்பத் தமிழுக்குக் கொண்டுவரும் வழிதான் அதிகம். தடயம் வேறு மாதிரி இருக்கும்: உப்புக் கரைசல் "உப்புத் தீர்வு" ஆகும், வர்க்கமூலம் "சதுர வேர்" ஆகும், மின்சக்தி "மின் அதிகாரம்" ஆகும். வட்டம் போட்ட சொல்லுக்கு ஆங்கிலச் சொல்லை யோசியுங்கள், அந்த ஆங்கிலச் சொல்லின் இன்னொரு பொருளைத் தமிழில் எடுங்கள், மூலச் சொல் கிடைத்துவிடும். ஆனால் ஒன்று, ஆங்கிலப் புத்தகத்தைத் தானே உட்கார்ந்து மோசமாக மொழிபெயர்த்த பிள்ளையும் இதே தவறுகளைச் செய்யும். தமிழில் இந்தத் தடயத்தை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்லிவிட முடியாது.

யாரைத் தவறாகப் பிடித்துவிடக் கூடாது

ஆங்கிலம் இரண்டாம் மொழியாக இருக்கும் பிள்ளைகள்தான் இங்கே அநியாயமாக மாட்டக்கூடியவர்கள், அதனால் இந்த வேறுபாட்டை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். தமிழ் வழியில் படித்து வந்த ஒரு பெண் சொந்தமாக எழுதினால் "தி", "எ" விடுபடும், காலம் மாறும், ஒரே வினைச்சொல் திரும்பத் திரும்ப வரும். ஆனால் ரேண்டம் ஃபாரஸ்ட் ரேண்டம் ஃபாரஸ்டாகவே இருக்கும், ஏனென்றால் அந்தச் சொல்லை அவள் வகுப்பில் அப்படியேதான் கேட்டாள், வேறு பெயர் அவளுக்குத் தெரியாது. சொல்மாற்றிய கட்டுரை இதற்கு நேர் எதிர்: இலக்கணம் சுத்தம், அரிய சொற்கள் ஏராளம், தெரிந்திருக்க வேண்டிய சாதாரணக் கலைச்சொல் மட்டும் இல்லை. இலக்கணம் தவறி, கலைச்சொல் சரியாக இருந்தால் அது பெரும்பாலும் உழைத்து எழுதியது. அதை மதிக்க வேண்டும்.

வாக்கியத்தின் போக்கை வைத்து மாற்றி எழுதும் புதிய ஏ.ஐ. கருவிகளிடம் இந்த முறை அவ்வளவாகச் செல்லாது. அவை கலைச்சொல்லை அப்படியே விட்டுவிட்டு மற்றதை மாற்றத் தெரிந்தவை. அங்கே எண்ணைச் சரிபார்ப்பதும் மூலத்தின் வரிசையை ஒப்பிடுவதும் மட்டுமே மிஞ்சும்.

கடைசியாக, மாணவரோடு பேசுவது

இதைத் தனியாகச் செய்யுங்கள், வகுப்பில் வைத்து வேண்டாம். "காப்பி அடித்தாயா" என்று ஆரம்பித்தால் "இல்லை சார்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். வட்டம் போட்ட பத்தியை நீட்டி, "இந்த 357 எதைக் குறிக்கிறது, தமிழிலேயே சொல்லுப்பா" என்று கேளுங்கள். அப்புறம் "ஆர்.எஃப். என்றால் விரிவு என்ன?" சொந்தமாகப் படித்துவிட்டுப் பயத்தில் மட்டும் கருவியில் போட்டவர்கள் உடனே "ரேண்டம் ஃபாரஸ்ட்" என்பார்கள், கட்டுரையில் வேறு இருப்பதைப் பார்த்து அவர்களே திகைப்பார்கள். அப்படிப்பட்டவர்களை மூலக் குறிப்புகளோடு திரும்ப எழுதச் சொன்னால் போதும், சதவீதம் சற்று ஏறினாலும் பரவாயில்லை, வரையறைகளையும் தரவு விவரங்களையும் மேற்கோள் காட்டி அப்படியே எடுக்கலாம் என்று சொல்லிக்கொடுங்கள். எதற்கும் பதில் வராவிட்டால், கோடிட்ட அந்த இரண்டு தாள்களையும் கட்டுரையோடு இணைத்துத் துறைத்தலைவரிடம் கொடுங்கள், சதவீத ரிப்போர்ட்டைத் தனியாக அனுப்பாதீர்கள்.